காய்ச்சலுக்குக் காரணம் புழு இல்லை, விரலிடுக்கு

வாசகர் கடிதம்: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 41. பிறந்தது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்து 19 வருடம் ஆகிறது. சின்னத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். ஏழு வருடமாக இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. முன்பெல்லாம் காலையில் வடிந்துவிடும். இப்போது வடிவதில்லை, கணுக்காலில் ஒரு மடிப்பும் விழுந்துவிட்டது. வருடத்தில் மூன்று நான்கு தடவை குளிர்காய்ச்சல் வரும். தொடையிடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தவறாமல் வரும். அப்போது சேற்றுப்புண் அரிப்பும் இருக்கும், அது இங்கே எல்லாருக்கும் இருப்பதுதான். காய்ச்சல் வந்தால் கடையில் யானைக்கால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உப்பு ஒத்தடம் கொடுக்கிறேன். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் புழு இல்லை என்று வந்தது. அப்படியென்றால் இது மலைக்குளிரால் வந்த வீக்கமா? கீழே போய்விட்டால் சரியாகுமா, ஆபரேஷன் உண்டா? கல்யாணமான புதிதில் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். எனக்குத்தான் நோய் இல்லையே என்று வாங்கிக் கூரையில் செருகிவிட்டேன். அன்று விழுங்கியிருந்தால் இது வந்திருக்காதா? மகள் இப்போது கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு என்னிடமிருந்து ஒட்டியிருக்குமா? பக்கத்து வீட்டில் என் சோப்பைக்கூடத் தொடுவதில்லை.

மருத்துவர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட சேற்றுப்புண்தான். ஏழு வருடமாக நீங்கள் புழுவைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். காலைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பதோ விரலிடுக்கில் இருக்கும் அந்த வெடிப்பு. அதை எல்லாருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டீர்கள். உண்மைதான், மழைக்காலத்தில் தோட்டத்தில் நிற்கிற எல்லாருக்கும் அது வருகிறது. ஆனால் மற்றவர்களுக்கு அது வெறும் அரிப்பு. உங்கள் இடது காலுக்கு அது திறந்து கிடக்கிற கதவு. ஏன் என்று புரிந்துகொள்ள, கால் எப்படிக் கெட்டது என்பதிலிருந்து வர வேண்டும்.

புழு என்ன செய்தது

நம் உடம்பில் ரத்தக் குழாய்களைத் தவிர நிணநீர்க் குழாய்கள் என்று ஒன்று உண்டு. திசுக்களில் கசிந்து தேங்குகிற நீரையும் புரதத்தையும் வழித்தெடுத்து மேலே ரத்தத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவற்றின் வேலை. அந்த நீர் வழியில் நெறிக்கட்டிகளில் வடிகட்டப்பட்டுப் போகிறது. தொடையிடுக்கில் உங்களுக்குக் கட்டுகிற நெறி அவற்றில் ஒன்றுதான். கால் தரையில் இருக்க, நீர் மேலே ஏற வேண்டும். அது கீழே வழிந்துவிடாமல் இருக்கக் குழாய்க்குள் அடுத்தடுத்துச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன.

யானைக்கால் புழு கொசுக்கடி வழியாக உள்ளே வந்து இந்தக் குழாய்களில்தான் குடியேறுகிறது. பார்வைக்கு வெள்ளை நூல் மாதிரி இருக்கும். பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். உள்ளே வந்த இளம்புழு முழுப் புழுவாக வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், அப்புறம் சுமார் ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருக்கும். புழு குழாயை அடைத்துவிடுகிறது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அது பாதி உண்மைதான். உயிரோடு இருக்கும்வரை புழு குழாயைப் பெரும்பாலும் அடைப்பதில்லை, அகலப்படுத்துகிறது. குழாய் விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று எட்டாது. நீங்கள் டெல்டாவில் பிறந்தவர், சொன்னால் புரியும்: வாய்க்கால் கரை அரித்து அகலமாகிவிட்டால் பழைய மடைப்பலகை போட்டும் தண்ணீர் நிற்காதல்லவா, அது போலத்தான். பிறகு புழு சாகும்போது அதைச் சுற்றி அழற்சி வந்து குழாய் தழும்பாகிறது, அடைப்பு பெரும்பாலும் அப்போதுதான். புழு போய்விட்டாலும் விரிந்த குழாய் பழையபடி சுருங்குவதில்லை.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொசு ஒரு தடவை கடித்து இந்த நோய் வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட்டால்தான் ஆணும் பெண்ணுமாகப் புழுக்கள் உள்ளே சேரும். ஆகவே உங்களுக்குத் தொற்றியது சின்ன வயதில், அம்மா வீட்டில் இருந்தபோதுதான் என்று சொல்ல முடியும். பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்தில்தான் தொற்றுகிறது, வீக்கம் வெளியே தெரிவது பத்து இருபது வருடம் கழித்து. நீங்கள் மலையேறி 19 வருடம் ஆகிறது. அப்போது கூட வந்த புழுக்கள் எப்போதோ செத்துப்போயிருக்கும். பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் போய் நான்கு நாள் தங்கிவந்ததில் புதிதாகத் தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ரத்தத்தில் புழு இல்லை என்றால்

அந்த ரத்தத்தை எப்போது எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பகலில்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் இருக்கிற யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்துவிட்டு, கொசு கடிக்கிற நேரத்தில், அதாவது இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள்தான் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் யானைக்கால் பிரிவு ஊழியர்கள் நடுராத்திரியில் கதவைத் தட்டி விரல்நுனியில் ரத்தம் எடுத்தார்கள். அம்மாவைக் கேட்டால் அந்தக் காலத்துக் கதை சொல்லுவார். காலை பதினொரு மணிக்கு எடுத்த ரத்தத்தில் குஞ்சு இல்லை என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது.

இரவில் எடுத்திருந்தாலும் உங்களுக்கு இல்லை என்றுதான் வந்திருக்கும். கால் வீங்கி நாளானவர்களில் பலருக்கு ரத்தத்தில் குஞ்சு இருப்பதில்லை. எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய ஆன்டிஜென் அட்டைப் பரிசோதனை இருக்கிறது. புழு செத்துவிட்டால் காலப்போக்கில் அதிலும் இல்லை என்றே வரும். ஆகவே 'ரத்தத்தில் இல்லை, அதனால் இது யானைக்கால் இல்லை' என்ற முடிவு தவறு. நோய் இருந்த ஊரில் வளர்ந்தவர், ஒரே கால், பாதத்திலிருந்து மேலே ஏறிய வீக்கம், நெறி கட்டிக் காய்ச்சல் வருவது, முதலில் வடிந்து பிறகு வடியாமல் போனது: நோயைச் சொல்ல இந்த வரலாறே பெரும்பாலும் போதும்.

இருந்தாலும் கடிதத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட எனக்கு விருப்பமில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இடுப்புக்குள் கட்டி எதுவும் குழாயை அழுத்தவில்லை, கால் நரம்புச் சுருட்டலோ ரத்தக்கட்டியோ இல்லை என்று ஸ்கேனில் தெரிந்துகொள்ளலாம். கூடவே சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் சர்க்கரையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் நான் கீழே எழுதப்போவது எல்லாம் இரண்டு மடங்கு அவசியம்.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது

நிணநீர் ஓடாத காலில் புரதம் கலந்த நீர் தேங்கி நிற்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்துபோவதும் இந்தக் குழாய்கள் வழியாகத்தான், அதுவும் குறைந்துவிடுகிறது. பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை, நம் தோலிலும் தொண்டையிலும் சாதாரணமாக இருப்பதுதான். அது உள்ளே நுழைய ஒரு சின்ன வழி போதும்.

கோத்தகிரியில் நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில்தான், உங்களுக்குக் காய்ச்சல் தவறாமல் வருவதாக எழுதியிருக்கிற அதே ஐப்பசி, கார்த்திகையில். காலையில் கம்பூட்ஸில் கால் வைக்கிறீர்கள். பத்து மணிக்குள் மேலிருந்து தண்ணீர் இறங்கிக் காலுறை நனைகிறது, சாயந்திரம்வரை அதே காலுறை. வீங்கிய பாதத்தில் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றுப் புகாது. நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து ஊறி, பூஞ்சை பிடித்து, அரித்து, நுனியில் மயிரிழையாக வெடிக்கிறது. மூன்று நான்கு நாளில் பாக்டீரியா அந்த வழியாக உள்ளே போகிறது. முதலில் தொடையிடுக்கில் வலி, பிறகு உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கம், காய்ச்சல். அடுத்த சில மணி நேரத்தில் கால் சிவந்து, தொட்டால் கொதிக்கிறது. அடுத்த தடவை வரும்போது கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள், இந்த வரிசை மாறாது. மழையில்லாத தை, மாசியில் வருகிற காய்ச்சலுக்குக் குதிகால் வெடிப்பைப் பாருங்கள். கவ்வாத்துக் குச்சி கீறியது, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தது என்று வேறு வழிகளும் உண்டு.

ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களில் கொஞ்சத்தைக் கெடுத்துவிட்டுப் போகிறது. காய்ச்சல் இறங்கினாலும் வீக்கம் முழுதாக இறங்குவதில்லை, தோல் தடிக்கிறது, மடிப்பு விழுகிறது. உங்கள் கால் ஏழு வருடத்தில் 'காலையில் வடிந்துவிடும்' என்பதிலிருந்து 'வடிவதில்லை'க்கு வந்தது இந்தப் படிகளில் ஏறித்தான். வருடத்துக்கு மூன்று நான்கு காய்ச்சல் என்பதை ஒன்று, பிறகு ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டால் கால் மேலே பெருப்பது நின்றுவிடும், கொஞ்சம் இளைக்கவும் செய்யும்.

அப்புறம் அந்த மாத்திரை. டி.இ.சி. என்கிற யானைக்கால் மாத்திரை புழுவுக்கும் அதன் குஞ்சுக்கும் ஆனது, பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. இப்படிப்பட்ட காய்ச்சல் அடிக்கும்போது அதைத் தொடங்கக் கூடாது என்பதுதான் முறை. நீங்கள் அதை விழுங்கி ஐந்தாறு நாளில் காய்ச்சல் தானாக இறங்கியிருக்கும், மாத்திரை கேட்டது என்று நினைத்திருப்பீர்கள். அதற்குள் உள்ளே நடக்க வேண்டிய சேதம் நடந்து முடிந்திருக்கும்.

அடுத்த காய்ச்சல் வந்தால்

நடுங்கத் தொடங்கிய அன்றே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். தேவைப்படுவது ஆன்டிபயாடிக். வழக்கமாக அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஒரு வாரத்துக்குக் குறையாமல். பென்சிலின் ஊசியோ மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தருவார்கள். காய்ச்சல் இரண்டாம் நாளே இறங்கிவிடும். மாத்திரையை அன்றோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அடுத்த மாதமே திரும்பி வருகிறார்கள்.

உப்பு ஒத்தடத்தை நிறுத்துங்கள். சிவந்து கொதிக்கிற காலுக்குச் சூடு கொடுத்தால் அங்கே நீர் இன்னும் கூடும். அதற்குப் பதிலாகச் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு எடுங்கள், வலிக்குப் பாரசிட்டமால் போதும். காலை மனையிலோ தலையணையிலோ உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள். உருவிவிடுவது, பச்சிலை அரைத்துப் பற்றுப் போடுவது, இறுக்கிக் கட்டுவது, கொப்புளத்தைக் கீறிவிடுவது, இதெல்லாம் அந்த நாட்களில் வேண்டாம். ஒரு நாள், ஒன்றரை நாள் மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, தோல் கறுத்துக் கொப்புளித்தாலோ உள்நோயாளியாகச் சேர்ந்து ஊசி மருந்து எடுக்க வேண்டிவரும், தயங்காதீர்கள்.

தினமும் கால் கழுவுவது

இதை எழுதினால் 'இவ்வளவுதானா' என்று நினைப்பீர்கள். பல பேர் அப்படி நினைத்து விட்டுவிடுவதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்ததும், அடுப்பங்கரையில் உட்காரும் முன், ஒரு பேசினும் குவளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கழுவச் சொன்னால் நீங்கள் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவீர்கள், அதனால் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளலாம். சூட்டை முழங்கையால் பாருங்கள். வீங்கிய காலில் சுரணை மந்தமாக இருக்கும், அதை நம்பாதீர்கள். மாலையில் அந்தக் காலை அடுப்பிலோ கணப்பிலோ காட்டிச் சூடேற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சுட்டது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், அதுவும் ஒரு வழிதான்.

வாசனை அதிகமில்லாத சாதாரண சோப்பு போதும். முழங்காலிலிருந்து கீழ்நோக்கி நுரை போட்டு வாருங்கள். கணுக்கால் மடிப்பை விரித்து உள்ளே தேயுங்கள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் மெல்லிய பருத்தித் துணியாலோ விரல் நுனியாலோ துடையுங்கள். நாரும் பிரஷ்ஷும் கூடாது. சோப்புக் குழகுழப்பு போகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். இதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள். விட்டுவிடுவது துடைப்பதைத்தான். துண்டால் ஒற்றி எடுத்து, மடிப்புக்குள்ளும் விரலிடுக்கிலும் காய்ந்த துணியை விட்டு ஈரம் துளியும் இல்லாமல் எடுக்க வேண்டும். கழுவிவிட்டு ஈரத்தோடு விடுவது கழுவாமல் இருப்பதைவிட மோசம்.

பிறகு விளக்கு வெளிச்சத்தில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெளுத்து ஊறியிருந்தால், உரிந்திருந்தால், மயிரிழை வெடிப்பு இருந்தால், குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பைக் காலையும் மாலையும் மெல்லியதாகத் தடவுங்கள். அரிப்பு ஒரு வாரத்தில் நின்றுவிடும், பூஞ்சை அதற்குள் சாகாது. நான்கு வாரம் விடாமல் போடுங்கள். கடையில் கேட்டால் மூன்று மருந்து கலந்த களிம்பைத் தருவார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், ஆனால் பூஞ்சை பரவும், தோல் மெலிந்துபோகும். தோல் நோய்க்காரர்களில் பாதிப்பேரைக் கெடுத்துவைத்திருப்பது இந்தக் களிம்புதான் என்பது என் கோபம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குதிகாலுக்கும் வறண்ட தோலுக்கும் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

தோட்டத்துக்கு இரண்டு ஜோடிப் பருத்திக் காலுறை கொண்டுபோங்கள். மதியச் சாப்பாட்டின்போது பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, காய்ந்ததை மாட்டுங்கள். சாயந்திரம் பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் இழுத்துவிடும். இடது காலுக்குப் பொருந்துகிற அளவில் பூட்ஸ் வாங்குங்கள், வலது தளர்வாக இருந்தால் இருக்கட்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் எதிரே ஒரு ஸ்டூலில் வையுங்கள். இரவில் படுக்கையின் கால்மாட்டை மடித்த கம்பளியால் நாலு விரல்கடை உயர்த்துங்கள். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. காலையும் மாலையும் பதினைந்து தடவை குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். கெண்டைச்சதை சுருங்கும்போதுதான் நிணநீர் மேலே தள்ளப்படுகிறது. பேண்டேஜ் கட்டுவது நல்ல பலன் தரும், ஆனால் முதல் தடவை பிசியோதெரபி பிரிவில் கட்டிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் கட்டி, இரவு கழற்றிவிட வேண்டும்.

தையல்காரர் டேப்பால், மாதத்தின் முதல் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவுடன், கணுக்கால் எலும்புக்கு நாலு விரல்கடை மேலே சுற்றளவைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் அந்த மாதம் காய்ச்சல் வந்த நாளையும் எழுதுங்கள். முதலில் குறைவது காய்ச்சல்தான், சுற்றளவு பிறகுதான் குறையும். முறையாகச் செய்தும் வருடத்தில் இரண்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் அந்தத் தாளோடு போய், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற நீண்டநாள் பென்சிலின் ஊசி உங்களுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். அது எல்லாருக்கும் தேவைப்படாது.

கீழே இறங்குவதும் ஆபரேஷனும்

மலைக்குளிர் இந்த வீக்கத்தைக் கொண்டுவரவில்லை. மலை கெடுத்ததெல்லாம் ஈரத்தாலும் பூட்ஸாலும்தான், அதை இருக்கிற இடத்திலேயே சரிசெய்ய முடியும். பிழைப்பை விட்டுவிட்டுக் கீழே போக வேண்டியதில்லை. உண்மையில் இந்தப் புழு பரவ உங்கள் ஊர் குளிர் ஒத்துவராது. சாக்கடைத் தண்ணீரில் பெருகுகிற க்யூலெக்ஸ் கொசுதான் இதைக் கொண்டுபோகிறது. கொசுவின் உடம்புக்குள் புழு வளர்ந்து கடிக்கத் தயாராக, வெப்பமான ஊரில் 10 முதல் 14 நாள் ஆகும். குளிர் கூடக்கூட அந்த நாள் நீளும், அதற்குள் கொசுவே செத்துப்போகும்.

ஆண்களுக்கு யானைக்கால் புழுவால் விரைவீக்கம் வந்தால் அறுவை சிகிச்சை நல்ல தீர்வு. காலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கிற நுண் அறுவை சில மையங்களில் செய்கிறார்கள், மிகப் பெருத்த காலில் சதையைக் குறைக்கவும் செய்கிறார்கள். எதைச் செய்தாலும் பிறகு கழுவுவதும் கட்டுவதும் ஆயுசுக்கும் உண்டு. ஆறு மாதம் கழுவிப் பார்த்த காலோடு போய் அதைப் பற்றிப் பேசுங்கள், முதலிலேயே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முற்றிய நிலை என்று சான்று பெற்றவர்களுக்குத் தமிழக அரசின் மாத உதவித்தொகை இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கால் அந்த நிலைக்குப் போகவில்லை.

கூரையில் செருகிய மாத்திரையும் மகளும்

அன்று விழுங்கியிருந்தால் என்று மனதைப் போட்டு அரிக்காதீர்கள். ஒரு வேளை மாத்திரை, அதற்கு முன் பல வருடமாகக் கெட்டுப்போன குழாயைத் திருப்பிக் கொடுத்திருக்காது. நோய் இல்லாதவருக்கு எதற்கு மாத்திரை என்று நீங்கள் நினைத்தது போலத்தான் ஊரே நினைத்தது. அந்தத் திட்டத்தின் கணக்கு வேறு. ரத்தத்தில் குஞ்சோடு இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காலும் வீங்காது, காய்ச்சலும் வராது. கொசு அவர்களைக் கடித்துத்தான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொண்டுபோகிறது. யார் என்று வெளியே தெரியாததால், 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் எல்லாருக்கும் வருடம் ஒரு தடவை டி.இ.சி. கொடுத்தார்கள், பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. இப்போது சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்த்து மூன்றாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை, கர்ப்பிணி, கடும் நோயாளி ஆகியோருக்குக் கொடுப்பதில்லை.

மாத்திரை குஞ்சுகளைத்தான் வேகமாகக் கொல்லும். தாய்ப்புழு பலவும் தப்பித்துக் கொஞ்ச நாளில் மறுபடி குஞ்சு போடும். ஆகவே அது கிழமாகிச் சாகிறவரை, குறைந்தது ஐந்து வருடம், ஊரில் நூற்றுக்கு 65 பேருக்குக் குறையாமல் விழுங்க வேண்டும். வாங்கிக் கூரையில் செருகியதெல்லாம் பேரேட்டில் விழுங்கியதாக ஏறிவிடும். அதனால்தான் பிற்பாடு ஊழியர் கண்முன்னே விழுங்கச் சொன்னார்கள். விழுங்கிய சிலருக்கு அன்றிரவு காய்ச்சலும் தலைசுற்றலும் வரும். ரத்தத்தில் குஞ்சு நிறைய இருந்து சாவதால் வருவது அது, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து தெருவே மாத்திரையைக் குப்பையில் போட்ட கதைகள் உண்டு.

மகளுக்கு உங்களிடமிருந்து ஒட்டாது. தொட்டாலோ, ஒரே சோப்பைப் போட்டாலோ, வயிற்றிலிருந்தோ இது போவதில்லை. கொசு வழியாகக்கூட உங்களிடமிருந்து போக வழியில்லை, ரத்தத்தில் குஞ்சு இருந்தால்தான் கொசு எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொல்லலாம், நம்பாவிட்டால் அவர்கள் பாடு. அவள் மலையில் பிறந்து வளர்ந்தவள், அதனால் குழந்தைப் பருவத்துத் தொற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இப்போது கும்பகோணத்தில் வருடக்கணக்கில் தங்கப்போவதால் இரவில் கொசுவலைக்குள் தூங்கச் சொல்லுங்கள். பாட்டி வீட்டுச் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய்க்கு வலை கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், க்யூலெக்ஸ் அங்கேதான் முட்டையிடும். பல மாவட்டங்களில் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்து, பரவல் குறைந்தது தெரிந்த பிறகு ஊர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே யாரும் மாத்திரையோடு வரவில்லை என்றால் கவலை வேண்டாம். வந்தால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் முன்னிலையிலேயே விழுங்கிவிடட்டும். சந்தேகமாகவே இருந்தால் படிப்பு முடிகிற வருடம் ஆன்டிஜென் அட்டைப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளலாம். இருப்பதாக வந்தால் டி.இ.சி. மாத்திரையை எடைக்கேற்ற அளவில் 12 நாள் மருத்துவர் தருவார். குழாய் கெடும் முன் சாப்பிடுகிற அந்த 12 நாள் மருந்துக்குத்தான் முழுப் பலன்.